அடக்கம் செய்யப்படாத செல்

மாரடைப்பு வந்தவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "ரத்தக்குழாய்ல கொழுப்பு அடைச்சிடுச்சாம்" என்பார்கள். கேட்பவர் மனதில் சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய்தான் வரும்: எண்ணெய்ப் பிசுக்கு உட்புறத்தில் ஒட்டிக்கொண்டே போய், ஒருநாள் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடுகிற குழாய். இதயத் தமனியில் நடப்பது அப்படியல்ல. ரத்தம் ஓடும் பரப்பில் கொழுப்பு ஒட்டுவதில்லை. அது சுவருக்குள்ளே போய், அங்கே உள்ள செல்களின் வயிற்றில் சேர்கிறது. அந்தச் செல்கள் கொழுப்பைச் சேர்த்து வைக்கப் பிறந்தவையும் அல்ல. கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கித் துப்புரவு செய்ய வந்த நோய் எதிர்ப்புச் செல்கள் அவை.

அப்படிப்பட்ட ஒரு செல்லைப் பின்தொடர்வோம். எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் மிதக்கும்போது அதற்கு மோனோசைட் என்று பெயர். ரத்தத்தில் அது இருப்பது சில நாட்கள்தான். அதற்குள் எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு திசுவுக்குள் இறங்கும். நம் செல் இறங்கப்போகும் இடம், இதயத்தின் இடது பக்கத் தமனி இரண்டாகக் கிளைக்கும் முனை. மருத்துவர்கள் எல்.ஏ.டி. என்று சொல்லும் கிளை தொடங்கும் இடம் அது. கிளைகளிலும் வளைவுகளிலும் ரத்தம் நேராக ஓடாமல் சுழித்துத் திரும்புகிறது. அதனால் உள்ளுறைச் செல்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதில்லை, இடுக்குகள் தளர்கின்றன. உடல் முழுவதும் ஒரே ரத்தம் ஓடியும் கொழுப்புப் படிவு குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

செல்லுக்கு முன்பே அந்தச் சுவருக்குள் இறங்கிவிட்ட பொருள் ஒன்று உண்டு: எல்.டி.எல். துகள். குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே ஏறத்தாழ 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள். வெளியே அபோ-பி என்ற ஒரே ஒரு நீண்ட புரதம் சுற்றியிருக்கும். சுவருக்குள் போவதும் வருவதும் அதற்கு அன்றாட வேலை. சிக்கல் போவதில் இல்லை, மாட்டிக்கொள்வதில் இருக்கிறது. உள்ளுறைக்குக் கீழே எதிர்மின்னூட்டம் கொண்ட புரோட்டியோகிளைக்கான் இழைகள் பரவியிருக்கின்றன. அபோ-பி புரதத்தின் நேர்மின்னூட்டப் பகுதி அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களின் காவல் அங்கே குறைவு. மாட்டிக்கொண்ட துகளின் கொழுப்பு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது, காறிப்போகிறது என்றே சொல்லலாம். காறிய கொழுப்பின் சிதைவுகளுக்கு உள்ளுறைச் செல்கள் எரிச்சலடைந்து, மேற்பரப்பில் பிசின் புரதங்களை நீட்டி, மோனோசைட்டை அழைக்கும் வேதிச் செய்தியை விடுகின்றன. நம் செல் ஒட்டுகிறது, நழுவி உள்ளே போகிறது, உருமாறி மேக்ரோஃபேஜ் ஆகிறது. விழுங்கும் செல்.

இனி அது எல்.டி.எல்லைத் தின்னும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 1970களில் டாலஸ் நகரில் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் மைக்கேல் பிரவுனும் பார்த்தபோது அது தின்னவில்லை. எல்.டி.எல்லைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஏற்பியைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தான். அதற்காக 1985-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஏற்பிக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. உள்ளே கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்ததும் செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் மேக்ரோஃபேஜ் மீது எவ்வளவு எல்.டி.எல். ஊற்றினாலும் அது பெருத்துக்கொண்டே போகாது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்றும் இருந்தது. பரம்பரையாக அந்த ஏற்பியே வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்கள் ரத்தத்தில் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். சிறுவயதிலேயே மாரடைப்பு வரும். ஏற்பி இல்லாத அந்தக் குழந்தைகளின் தமனிச் சுவரிலும் தசைநாண் கட்டிகளிலும் மேக்ரோஃபேஜ்கள் கொழுப்பால் உப்பிக் கிடந்தன. எல்.டி.எல். ஏற்பி வழியாக அது நுழைந்திருக்க முடியாது. அப்படியானால் எந்த வழியாக?

1979-இல் கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் வேதிமுறையில் எல்.டி.எல்லுக்கு அசிட்டைல் சேர்த்து, அதன் மின்னூட்டத்தை மாற்றி ஊற்றிப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜ் அதை வாரி விழுங்கியது, வேறோர் ஏற்பி வழியாக. அந்தத் துப்புரவு ஏற்பிக்குப் போதும் என்ற கணக்கே கிடையாது. உள்ளே எவ்வளவு நிரம்பினாலும் குறையாது. ஆனால் உடலுக்குள் எல்.டி.எல்லுக்கு யார் அசிட்டைல் சேர்க்கிறார்கள்? விடையின் அடுத்த பாதி 1981-இல் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. டேனியல் ஸ்டைன்பெர்க்கின் குழு எல்.டி.எல்லை ரத்தக்குழாயின் உள்ளுறைச் செல்களோடு ஓர் இரவு ஊறவைத்தது. மறுநாள் அதே எல்.டி.எல். மேக்ரோஃபேஜுக்குப் பிடித்த உணவாகியிருந்தது. அந்த மாற்றம் ஆக்சிஜனேற்றமே என்பதும், ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் சேர்த்தால் அது நடக்காது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தன. பின்னர் சிடி36 போன்ற வேறு துப்புரவு ஏற்பிகளும் அடையாளம் காணப்பட்டன.

அப்படியென்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளான வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் தீர்ந்தது என்று தோன்றுமல்லவா? உலகமே அப்படி நினைத்தது. 9,500-க்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ஹோப் ஆய்வு 2000-இல் வெளியானபோது, வைட்டமின் ஈ மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. இன்றும் அந்த மாத்திரை இதயத்தின் பெயரைச் சொல்லி விற்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

நம் செல் இப்போது தின்றுகொண்டிருக்கிறது. விழுங்கிய துகள் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போகிறது. அங்கே எஸ்டர் உடைந்து, கொலஸ்ட்ரால் தனியாகப் பிரிகிறது. புரதத்தையும் சர்க்கரையையும் எரித்துவிடும் செல்லால் கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைக்க முடியாது. தனிக் கொலஸ்ட்ரால் அளவு மீறினால் செல்லின் சவ்வுகளே விறைத்துப்போகும். அதனால் ஏகேட் என்ற நொதி அதை மறுபடி எஸ்டராக்கி, எண்ணெய்த் துளிகளாக ஒதுக்கி வைக்கிறது. துளிகள் பெருகப் பெருக செல் உப்புகிறது. வழக்கமான முறையில் திசுச் சீவல் தயாரிக்கும்போது ஆல்கஹாலில் கொழுப்பு கரைந்துபோய், நுண்ணோக்கியில் வெறும் ஓட்டைகளாகத் தெரியும்; அதனால்தான் அது நுரை செல். கொழுப்பையே பார்க்க வேண்டுமானால் திசுவை உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் சாயம் ஏற்ற வேண்டும்; அப்போது துளிகள் சிவப்பாகத் தெரியும். இப்படிப்பட்ட செல்கள் கூட்டமாகச் சேர்ந்தால் தமனியின் உட்புறத்தில் மஞ்சள் கீற்று. அந்தக் கீற்று யாரையும் கொல்வதில்லை, திரும்பி மறையவும் கூடியது. தமனிச் சுவரின் தசைச் செல்களும் கொழுப்பு தின்று இதே தோற்றத்துக்கு மாறுகின்றன என்பதால், நுரை செல் எல்லாமே மேக்ரோஃபேஜ் என்று எண்ணிவிடக் கூடாது.

துளியிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேற ஒரு வழி உண்டு. ஏபிசிஏ1 என்ற கடத்துப் புரதம் அதைச் செல்லின் விளிம்புக்கு அப்பால் தள்ள, அபோ-ஏ1 என்ற புரதம் ஏற்றுக்கொள்கிறது, அங்கிருந்து எச்.டி.எல். உருவாகி ஈரலுக்குப் போகிறது. இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் உள்ள டாஞ்சியர் தீவு காட்டியது. அங்கே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தன. உள்ளே நிறைந்திருந்தவை நுரை செல்கள், ரத்தத்தில் எச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லை. 1961-இல் விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கு ஏபிசிஏ1 மரபணுவின் பழுதே காரணம் என்று 1999-இல் தெரிந்தது.

எண்ணெய்த் துளிதான் எதிரி என்று கருதியவர்கள் ஏகேட் நொதியைத் தடுக்க மருந்து செய்தார்கள். துளி உருவாகாவிட்டால் நுரை செல்லும் இல்லையே! பாக்டிமைப் என்ற மருந்தை 408 நோயாளிகளிடம் 18 மாதம் சோதித்து, தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் குழாயை விட்டுப் படிவை அளந்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: படிவு குறையவில்லை. சில அளவுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே கொஞ்சம் நல்லது நடந்திருந்தது. மேக்ரோஃபேஜில் ஏகேட் இல்லாத எலிகளில் படிவு பெரிதானதை அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். செல்லுக்குத் துளி ஒரு பாதுகாப்பு. அதைப் பறித்தால் தனிக் கொலஸ்ட்ரால் சவ்வுகளில் ஏறி, செல்லைச் சீக்கிரம் சாகடிக்கிறது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான தோல்வி இதுதான். நோய் இருப்பது தின்பதில் மட்டுமல்ல என்பதை இது காட்டிவிட்டது.

மருந்து இல்லாமலும் செல் சாகும் நாள் வருகிறது. வரத்து நிற்காமல், வெளியேறும் வழி திணறும்போது, செல்லுக்குள் தனிக் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. புரதம் மடிக்கும் உறுப்பு தடுமாறுகிறது. செல் தன்னையே முடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. இளம் படிவில் இதனால் கேடு இல்லை. பக்கத்து மேக்ரோஃபேஜ் அதை முழுதாக விழுங்கி, ஓசையில்லாமல் அடக்கம் செய்துவிடும். முற்றிய படிவில் அடக்கம் செய்ய வேண்டிய செல்களும் நோயாளிகளே. இறந்த செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் மெர்டிகே என்ற ஏற்பி அவற்றின் மேற்பரப்பிலிருந்து வெட்டுப்பட்டு உதிர்ந்துவிடுகிறது. எடுக்க ஆளில்லாத பிணம் வெடிக்கிறது: எண்ணெய்த் துளி, நொதிகள், தனிக் கொலஸ்ட்ரால் எல்லாம் சுவருக்குள் கொட்டுகின்றன. அடுத்த செல் வருகிறது, தின்கிறது, அதுவும் அங்கேயே வெடிக்கிறது. கீற்றின் நடுவில் செல்லே இல்லாத கூழ் சேர்கிறது. படிவின் கொழுப்பு மையம் அதுதான். மையத்துக்குள் சிறு ரத்தக்கசிவு ஏற்பட்டால் சிவப்பணுச் சவ்வுகளின் கொலஸ்ட்ராலும் அதில் கூடுகிறது. தனிக் கொலஸ்ட்ரால் ஊசி போன்ற படிகங்களாகி மேலும் அழற்சியைத் தூண்டுகிறது. நோய்க்கூறு மருத்துவர் சீவலில் ஊசி வடிவ வெற்றிடங்களைக் கண்டால், இது கீற்று அல்ல, மையம் உருவாகிவிட்டது என்று அறிவார்.

மையத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே நார்ப்பொருளாலான மூடி ஒன்று இருக்கும். உயிரோடு இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் விடும் நொதிகள் அதன் கொலாஜனை அரிக்கின்றன. 65 மைக்ரோமீட்டருக்கும் கீழே மெலிந்துவிட்டால் மூடி கிழியும் வாய்ப்பு அதிகம். கிழிந்தால், இறந்த செல்கள் விட்டுப்போன திசுக் காரணி என்ற புரதம் ரத்தத்தைத் தொடுகிறது. உடனே ரத்தம் உறையத் தொடங்குகிறது. எல்.ஏ.டி.யை அடைப்பது அந்த உறைவுதான்.

படிவு வளரும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து கொடுக்கிறது. உள்பாதை குறுகத் தொடங்குவதற்கு முன், படிவு தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம் என்று சீமோர் கிளாகோவ் 1987-இல் காட்டினார். ஆஞ்சியோகிராம் உள்பாதையைத்தான் படம்பிடிக்கிறது. பாதையை ஒன்றும் அடைக்காத ஒரு கொழுப்பு மையம், அந்தப் படத்தில் சாதாரணத் தமனியாகவே தெரியக்கூடும்.