குறும்படத்தின் கால எல்லையும் கதையமைப்பும்: சத்யஜித் ராயின் ‘டூ’

ஆய்வுச் சுருக்கம்

குறும்படம் தன் கால எல்லைக்குள் எவ்வகைக் கதையைச் சொல்ல இயலும் என்பதை, 1964இல் சத்யஜித் ராய் இயக்கிய ‘டூ’ என்னும் படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நார்மன் மெக்லாரனின் ‘நெய்பர்ஸ்’ (1952) ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தகைய படங்களைக் காணக்கூடிய இடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குறும்படம், கால எல்லை, சத்யஜித் ராய், நார்மன் மெக்லாரன், திரைப்பட விழா

முன்னுரை

திரைப்படம் தோன்றிய காலத்தில் எல்லாப் படங்களும் குறும்படங்களே. படச்சுருளின் நீளமே கதையின் நீளத்தை முடிவு செய்தது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் அமையும். ஆகவே 1000 அடிச் சுருளை நொடிக்கு 16 சட்டங்கள் வீதம் ஓட்டினால் ஏறத்தாழ 17 நிமிடங்களும், பேசும்பட வேகமான 24 சட்டங்கள் வீதம் ஓட்டினால் 11 நிமிடங்களும் கிடைக்கும். முழுநீளப்படம் நிலைபெற்ற பின்னர் குறும்படம் தனி வகைமையாயிற்று. ஆஸ்கர் விருதுக்குழு இன்று தலைப்பு, பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படத்தைக் குறும்படம் என வரையறுக்கிறது. இவ்வரையறை அளவை மட்டுமே சொல்கிறது. அவ்வளவிற்குள் அடங்கும் கதை எத்தகையது என்பதைப் படங்களைக் கொண்டே அறிய வேண்டும்.

‘டூ’ படத்தின் கதையமைப்பு

எஸ்ஸோ நிறுவனத்தின் ஆதரவில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக உருவான இப்படம் சுமார் 12 நிமிடங்கள் ஓடும். படத்தை ஆங்கிலத்தில் எடுக்குமாறு ராயிடம் கேட்கப்பட்டது. அவரோ உரையாடலையே விலக்கிவிட்டார். இதனால் பாத்திரங்களின் பெயர், குடும்பம், முன்கதை ஆகியவற்றைச் சொல்லவேண்டிய தேவையும் நீங்கியது.

மாளிகையில் ஒரு சிறுவன் தனியே பொம்மைகளுடன் விளையாடுகிறான். வெளியே குழலோசை கேட்கிறது. சன்னல் வழியே பார்த்தால், குடிசையருகே ஏழைச் சிறுவன் ஒருவன் குழல் ஊதுகிறான். மாளிகைச் சிறுவன் தன் பொம்மை ஊதுகுழலால் அவ்வோசையை அடக்குகிறான். ஏழைச் சிறுவன் முரசு கொண்டுவந்தால் இவன் முரசடிக்கும் குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடி அணிந்து வந்தால் இவனும் முகமூடிகளையும் ஆயுதப் பொம்மைகளையும் எடுக்கிறான். ஒவ்வொரு சுற்றிலும் வினையும் எதிர்வினையும் ஒரே முறையில் அமைவதால், முதற்சுற்றைக் கண்ட பார்வையாளர் அடுத்தவற்றை விளக்கமின்றியே புரிந்துகொள்கிறார்.

பட்டம் பறக்கும் இடத்தில் இவ்வொழுங்கு முறிகிறது. பட்டத்திற்கு ஈடான பொருள் மாளிகையில் இல்லை. சிறுவன் முதலில் கவணால் குறிவைத்துத் தவறுகிறான். பின்னர் காற்றுத் துப்பாக்கியால் பட்டத்தை வீழ்த்துகிறான். போட்டி அழிப்பாக மாறும் இந்த ஒரு திருப்பமே கதை. இறுதியில் பொம்மைகளின் இரைச்சலுக்கிடையே குழலோசை மீண்டும் எழுகிறது. இயந்திரப் பொம்மையொன்று நடந்து சென்று அடுக்கிவைத்த கட்டைகளைச் சாய்க்கிறது. சிறுவன் திருந்தினான் என்று படம் சொல்லவில்லை. மனமாற்றத்தை நம்பவைக்கும் கால அளவு 12 நிமிடங்களில் இல்லை. மனம் கலங்கும் கணத்தைக் காட்டுவதற்கு அது போதும்.

இவ்வமைப்பிற்கு ஒரு விலையும் உண்டு. ஏழைச் சிறுவனைப் பெரும்பாலும் சன்னலிலிருந்தே காண்கிறோம். அவனது உள்ளம் நமக்கு ஓசையாகவும் ஒரு துயர முகமாகவும் மட்டுமே எட்டுகிறது.

முடிவு அமைக்கும் முறை: ஓர் ஒப்பீடு

கனடா தேசியத் திரைப்பட வாரியத்திற்காக மெக்லாரன் எடுத்த ‘நெய்பர்ஸ்’ சுமார் 8 நிமிடப் படம். இரு வீடுகளுக்கு நடுவே மலர்ந்த ஒரு பூவுக்காக அண்டைவீட்டார் இருவர் சண்டையிட்டு மடிகின்றனர். இதிலும் உரையாடல் இல்லை. பகை படிப்படியாக வளர்கிறது. ஆயினும் அயலானை நேசிக்கும்படி பல மொழிகளில் எழுத்தாகக் காட்டி இப்படம் முடிகிறது. மெக்லாரன் பார்வையாளருக்கு முடிவை வழங்குகிறார். ராய் முடிவைப் பார்வையாளரிடமே விடுகிறார். குறும்படம் அறவுரையாகத் தேய்வது பெரும்பாலும் இறுதி நிமிடத்தில்தான் என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

மற்றொரு குறை, முழுநீளக் கதையின் சுருக்கமாகவே படம் அமைவது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படமாக வந்து 2012இல் முழுநீளப்படமாக விரிந்தது. இவ்வழி இளம் இயக்குநர்க்குப் பயனுடையதே. ஆனால் குறும்படத்தை முன்னோட்டமாக மட்டும் கருதினால், ‘டூ’ போல விரிக்கத் தேவையற்ற கதைகள் அரிதாகிவிடும்.

காணக்கூடிய இடங்கள்

குறும்படங்கள் திரையரங்கில் தனியே வெளியாவது அரிது. ஆகவே தேடலைத் திரைப்பட விழாக்களின் தேர்வுப் பட்டியல்களிலிருந்து தொடங்குவது நன்று. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன், பிரான்சின் கிளெர்மோன்-பெர்ரான், திருவனந்தபுரத்தில் நடைபெறும் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழா ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. பட்டியலில் கண்ட பெயரைக் கொண்டு இயக்குநரின் சொந்த வலைப்பக்கத்திலோ விமியோ, யூடியூப் தளங்களிலோ தேடலாம். ‘நெய்பர்ஸ்’ கனடா வாரியத்தின் nfb.ca தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ‘டூ’ யூடியூப் தளத்தில் காணப்படுகிறது.

முடிவுரை

கால எல்லை குறும்படத்திற்கு ஒரு சூழலையும் ஒரு திருப்பத்தையும் அளிக்கிறது. வாழ்க்கை வரலாற்றையும் மனமாற்றத்தையும் அளிக்க மறுக்கிறது. மறுக்கப்பட்டதை வசனத்தாலோ அறவுரையாலோ ஈடுசெய்ய முயலும் படம் தளர்கிறது. அவ்விரண்டையும் விலக்கிய ‘டூ’, குறும்படத்தை மதிப்பிட நல்லதோர் அளவுகோலாகிறது.