முதிர்வுக்கு முன் உண்டியலைப் புதுப்பித்தல்: தவணை நீட்டிப்புக்கான வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது?

1. ஆய்வின் எல்லை

கடனுக்குச் சரக்கு விற்ற வணிகர் எழுதி, வாங்கியவர் ஏற்றுக் கையொப்பமிட்ட மாற்றுண்டியல், தவணை முடியுமுன்பே புதிய உண்டியலாக மாற்றப்படுவது வணிக உலகில் பழைய வழக்கம். இலங்கையில் இதை ஆள்வது 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். 1882இல் வந்த ஆங்கிலேயச் சட்டத்தின் அடியொற்றி அது எழுதப்பட்டது. இன்று அம்பாறைக் கரையோரக் கடைகளில் முறையான உண்டியலைக் காட்டிலும் திகதி பிந்திய காசோலையே அதிகம் புழங்குகிறது. சட்டத்தின் பார்வையில் காசோலையும் ஒருவகை மாற்றுண்டியல்தான். ஆகவே இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

புதுப்பித்தலில் பல சிக்கல்கள் இருந்தாலும் இக்கட்டுரை ஒன்றையே பின்தொடர்கிறது. நீட்டிய காலத்துக்கு வாங்கும் வட்டி எந்த நாளில் தொடங்க வேண்டும், எந்தத் தொகைமீது ஓட வேண்டும்? அந்த வட்டியையே வாங்கலாமா என்ற கேள்வியும் இந்தக் கரையோரத்தில் கூடவே எழுகிறது.

2. ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கொடுக்கல்வாங்கலைக் கற்பித்துக்கொள்வோம். கோமாரியில் விதைநெல்லும் பசளையும் விற்கும் கடைக்காரர் ஒருவர், சிறுபோகத்துக்காகக் கல்முனை மொத்த வியாபாரியிடம் 3,00,000 ரூபாவுக்குச் சரக்கு எடுக்கிறார். மே 5 அன்று மூன்று மாத உண்டியல் எழுதப்படுகிறது. ஆகஸ்ட் 5 உடன் மூன்று சலுகை நாட்களைச் சேர்த்தால் முதிர்வு ஆகஸ்ட் 8. கடன் விற்பனைக்கான கூடுதல் விலை இந்த 3,00,000க்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதை இங்கே மனத்தில் வைக்க வேண்டும்.

அறுவடை பிந்துகிறது. விவசாயிகளிடமிருந்து பணம் வரவில்லை. ஜூலை 30 அன்று கடைக்காரர் கல்முனைக்குப் போய், “முதலாளி, இப்ப ஒரு இலட்சம் தாறன், மிச்சத்துக்கு ரெண்டு மாசம் தவணை தாங்க” என்கிறார். முதலாளி ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 15 சதவீத வட்டி கேட்கிறார். அன்றே, இரண்டு மாதத் தவணையில் புதிய உண்டியல் எழுதப்படுகிறது. செப்டெம்பர் 30 உடன் மூன்று சலுகை நாட்கள் சேர, அதன் முதிர்வு ஒக்டோபர் 3.

இதன் வட்டியை மூன்று விதமாகப் போடுவதைக் காணலாம். முதல் விதத்தில் உண்டியலில் எழுதியுள்ளபடி இரண்டு மாதம் என்று கொண்டு, 2,00,000க்கு 5,000 ரூபா. இரண்டாவதில் புதுப்பித்த நாளிலிருந்து புதிய முதிர்வுவரை 65 நாட்களை எண்ணி 5,342 ரூபா. மூன்றாவதில் பழைய முதிர்வு நாளிலிருந்து புதிய முதிர்வுவரை 56 நாட்களுக்கு 4,603 ரூபா.

சரியானது மூன்றாவதுதான். ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 8 வரையான ஒன்பது நாட்களுக்கான விலையைக் கடைக்காரர் மே மாதத்திலேயே ஏற்றுவிட்டார். அந்த நாட்களுக்கு மறுபடி வட்டி கேட்டால் ஒரே காலத்துக்கு இரண்டு முறை கூலி வாங்கியதாகும். இரண்டாவது கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ 740 ரூபாதான். ஆனால் ஒவ்வொரு போகத்திலும் இப்படியே நடந்தால் இழப்பு முழுவதும் கடனாளிமீதே விழும்; அவருக்கு அது தெரியவும் தெரியாது. கண்டுபிடிக்கும் வழி எளிது. வட்டித் தொகையை 365ஆல் பெருக்கி, அதை மீதிக் கடனுக்குரிய ஓராண்டு வட்டியால் வகுத்தால் எத்தனை நாளுக்கு வட்டி போடப்பட்டது என்பது வந்துவிடும். அது இரண்டு முதிர்வு நாட்களுக்கும் இடைப்பட்ட நாட்களை விஞ்சினால் கணக்கில் பிழை.

ஜூலை 30 அன்று கட்டிய ஒரு இலட்சமும் ஒன்பது நாள் முந்தி வந்த பணம். அதே வீதத்தில் அதன் பெறுமதி 370 ரூபா. அதைக் கழித்துக் கொடுக்கச் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆயினும் பிந்தும் நாட்களுக்கு வட்டி கேட்பவர் முந்திய நாட்களுக்குக் கழிவு தருவதே நேர்மை என்பது என் முடிவு.

3. தாளில் நடக்கும் தவறுகள்

பழைய உண்டியலிலேயே திகதியை வெட்டி எழுதுவது பெருந்தவறு. திகதி, தொகை, செலுத்தும் காலம், செலுத்தும் இடம் ஆகியன முக்கிய மாற்றங்களாகக் கருதப்படுபவை. சம்பந்தப்பட்ட எல்லோருடைய சம்மதமும் இன்றி அவற்றை மாற்றினால், சம்மதிக்காதவர்களைப் பொறுத்தவரை உண்டியல் செல்லாததாகிறது. அதனால் புதுப்பித்தல் என்றால் பழையதை ரத்துச் செய்து புதியதை எழுதுவதே.

அடுத்த ஆபத்து இன்னும் கடுமையானது. முதலாளி அந்த உண்டியலை முன்பே வங்கியில் கழிவு செய்திருந்தாலோ, வேறொருவருக்குப் புறக்குறிப்பிட்டுக் கொடுத்திருந்தாலோ, ஜூலை 30 அன்று அது அவர் கையில் இல்லை. அப்படியிருக்கக் கடைக்காரர் புதிய உண்டியலில் கையொப்பமிட்டால் ஒரே கடனுக்கு இரண்டு உண்டியல்கள் உயிரோடு நிற்கும். நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவர் பழையதைக் கொண்டுவந்தால், “நாங்கள் புதுப்பித்துக்கொண்டோம்” என்ற பதில் அவரிடம் எடுபடாது. ஆகவே பழைய உண்டியலைக் கண்ணால் பார்த்து, அதன் குறுக்கே ரத்து என எழுதிக் கையொப்பம் வாங்கி, கையில் பெற்ற பிறகே புதியதில் கையொப்பமிட வேண்டும்.

முதலாளிக்கும் ஓர் ஆபத்து உண்டு. பழைய உண்டியலில் புறக்குறிப்பிட்டு அதன்மூலம் பொறுப்பேற்றிருந்தவர், புதியதில் கையொப்பமிடாதவரை அதற்குப் பொறுப்பாளி அல்ல. அவரைக் கேளாமல் தவணை கொடுத்ததே அவரைக் கடப்பாட்டிலிருந்து விடுவித்துவிடலாம்.

ஆயினும் முதிர்வுக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வதில் பயனும் உண்டு. உண்டியல் மறுக்கப்பட்டதாகப் பதிவு இராது. நொத்தாரிசு மூலம் குறிப்பிடும் செலவும் இல்லை.

4. வட்டி என்னும் கேள்வி

கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரச் சந்தைகளில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. அவர்களுக்கு மேற்சொன்ன 4,603 ரூபா சரியான கணக்காக இருந்தும் வாங்கக் கூடாத பணம். கடன் நிலைபெற்ற பின், “தீர்த்துவிடு, இல்லையேல் கூட்டிக் கொடு” என்பது இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவில் இருந்த ரிபாவின் வடிவம்; புதுப்பித்தல் வட்டி அதற்கு மிக நெருங்கியது. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வது சூரா அல்பகராவின் 280ஆம் வசனம். ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாதமி 1990இல் தவணை விற்பனை பற்றித் தந்த தீர்மானமும், தாமதித்த கடனாளியிடம் கூடுதல் தொகை பெறுவதைத் தடுக்கிறது.

தடுக்கப்படாதது எது என்பதையும் சொல்ல வேண்டும். மே 5 அன்று ரொக்க விலையைவிடக் கூடுதலான கடன் விலையை இருவரும் பேசி முடிப்பதற்கு அனுமதி உண்டு. ஜூலை 30 அன்று அதே 2,00,000க்கு, கூட்டாமல், ஒக்டோபர்வரை தவணை கொடுக்கலாம். முந்திக் கட்டிய இலட்சத்துக்கு 370 ரூபாவைக் குறைத்துக்கொள்வதையும் 1992இல் அதே அகாதமி ஏற்றது. முன்னரே அப்படி உடன்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் உண்டியலைக் கழிவுக்கு வங்கியில் கொடுப்பதை அது ஏற்கவில்லை.

வட்டி என்ற பெயரைத் தவிர்த்து, அதே நாளில் ஒரு மூட்டைப் பசளையை 4,603 ரூபா கூட்டி விற்பதாக எழுதி, பழைய கடனை அதற்குள் புதைக்கும் வழியும் உண்டு. சரக்கு கைமாறாத அந்த விற்பனை பழைய கடனைப் புரட்டுவதே. அதை ஷரீஆ அறிஞர்கள் ஏற்பதில்லை. அந்தக் கூடுதல் தொகை உண்மையில் எதற்கென்று கேட்டால் நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம்.

5. நடைமுறைக்கு உகந்த வடிவம்

வேண்டுமென்றே தாமதிப்பவரைக் கட்டுப்படுத்த, இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் பல, குறித்த தொகையைத் தருமத்துக்குக் கொடுப்பதாகக் கடனாளியிடம் ஆரம்பத்திலேயே உறுதி வாங்குகின்றன. அந்தப் பணம் கடன் கொடுத்தவரின் வருமானமாகச் சேராது. கோமாரிக் கடைக்காரரைப் போன்று அறுவடையை நம்பி நிற்பவருக்கு அதுகூடத் தேவைப்படாமல் செய்யலாம். சிறுபோக நெல் ஆகஸ்ட், செப்டெம்பரில்தான் காசாகிறது. மே 5 அன்றே ஐந்து மாத உண்டியல் எழுதி, அதற்குரிய கடன் விலையை அன்றே பேசியிருந்தால், முதிர்வு ஒக்டோபர் 8 ஆகியிருக்கும். ஜூலை 30 அன்று யாரும் கல்முனைக்குப் போக நேர்ந்திராது.