மருத்துவமனைக் கூடத்தில் உருவான கோட்பாடு

கருதுகோள் ஒன்றை முதலில் வகுத்துக்கொண்டு, அதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ தரவு திரட்டுவதே ஆய்வு என்று பயிற்சிக் கல்லூரியில் நம்மிற் பலர் கற்றோம். அந்த வரிசையைத் திருப்பி வைத்தவர்கள் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர். தரவில் வேரூன்றிய கோட்பாடு என நாம் வழங்கும் முறையை 1967இல் அவர்கள் நூலாக்கினர். ஆயினும், அம்முறை வடிவம் பெற்றது சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில்தான்.

1960களின் தொடக்கத்தில், இறக்கும் நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதிருப்பதே அங்கு மருத்துவர் பலரின் வழக்கம். அவ்வாறிருக்க, செவிலியரும் நோயாளியும் நாள்தோறும் எவ்வாறு பழகுகின்றனர் என்பதை அறியவே அவ்விருவரும் செவிலியத்துறை சார்ந்த ஜீன் குவின்ட்டுடன் இணைந்து நோயாளிக் கூடங்களுக்குச் சென்றனர். கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே குறிப்பெடுத்தனர்.

அக்குறிப்புகளிலிருந்து ஒரு வகைப்பாடு பிறந்த விதத்தைக் காண்போம். ஓர் இளைஞனின் மரணத்தைப் பற்றிப் பேசும் செவிலி, அவனுடைய வயதைச் சொல்லி வருந்துகிறார். மற்றொருவர், இறக்கும் தாயின் குழந்தைகளை எண்ணிக் கலங்குகிறார். முதியவர் ஒருவர் மறைந்தபோதோ, அவர் நிறைவாக வாழ்ந்தவர் என்ற பேச்சோடு துயரம் அடங்கிவிடுகிறது. இந்நிகழ்ச்சிகளை ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்து ஒப்பிட்டபோது, ஒவ்வொரு மரணத்திலும் சமூகம் இழப்பது எவ்வளவு என்று செவிலியர் தம்மை அறியாமலே கணக்கிடுவது புலப்பட்டது. அதற்குச் 'சமூக இழப்பு' என்று பெயரிட்டனர்.

பெயரிட்டதோடு பணி முடியவில்லை. புதிய நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் அதே தலைப்பின்கீழ் முன்னர்க் குறித்தவற்றோடு மீண்டும் ஒப்பிட்டனர். வயது, கல்வி, குடும்பப் பொறுப்பு முதலியன கணக்கில் சேர்வது தெரிந்தது. நோயாளியின் வரலாற்றை அறிய அறிய, முதற்பார்வையில் போட்ட கணக்கு மாறுவதும் தெரிந்தது. இழப்புப் பெரிதாகத் தோன்றினால் கவனிப்புக் கூடுகிறது. செவிலியின் மன அமைதியும் எளிதில் குலைகிறது. இவ்வாறு ஓர் எண்ணம் எழும்போதெல்லாம் குறியிடுதலை நிறுத்திவிட்டு, அவ்வெண்ணத்தை உடனே தனித்தாளில் எழுதிவைக்க வேண்டுமென்பது அவர்கள் வகுத்த விதி. பின்னர் எழுதலாம் என்று விட்டால் கையில் குறியீடுகள் மட்டுமே எஞ்சும்.

அடுத்து எங்கே செல்வது என்பதனையும் வளர்ந்துவரும் வகைப்பாடுகளே முடிவு செய்தன. நோயாளிக்குத் தன் நிலை தெரியவே வாய்ப்பில்லாத இடங்களை முதலில் நாடி, குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கும் நினைவிழந்தோர் பலர் கிடக்கும் மூளை அறுவைப் பிரிவுக்கும் சென்றனர். பிறகு இறப்பு விரைந்து வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு மெல்ல வரும் புற்றுநோய்ப் பிரிவு. பிறகு எதிர்பாராது வரும் அவசரப் பிரிவு. எத்தனை பேரைக் கண்டோம் என்னும் எண்ணிக்கை இங்கு அளவுகோலன்று. புதிய நிகழ்ச்சி வகைப்பாட்டிற்குப் புதிய பண்பு எதனையும் சேர்க்காதபோது, அதற்கான தேடல் நிற்கிறது. நோயாளி ஒன்றும் அறியாதிருத்தல், ஐயுறுதல், இருதரப்பும் அறிந்தும் அறியாததுபோல் நடித்தல், வெளிப்படையாக அறிந்திருத்தல் என்னும் நான்கு சூழல்களை விளக்கும் அவர்களது நூல் 1965இல் வெளிவந்தது.

இம்முறை தவறுவது எங்கே? பயிற்சி ஆசிரியர் ஒருவர், மாணவர் பள்ளிக்கு வராமை பற்றிய கட்டுரையை என்னிடம் கொணர்ந்தார். 'வறுமை', 'பெற்றோரின் அக்கறையின்மை' என்பன அவர் கண்ட வகைப்பாடுகள். வீடுகளுக்குச் செல்லுமுன்னரே இப்பெயர்களை எழுதியிருக்கலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டார். களத்துக்குச் செல்லாமலே எழுதக்கூடிய பெயரானால் அது தரவின்மேல் திணிக்கப்பட்டதோ என ஐயுற வேண்டும். எந்த நிலையில் கூடுகிறது, எந்த நிலையில் குறைகிறது என்று சொல்ல இயலாத வகைப்பாடு வெறுந் தலைப்பே.

கருதுகோள் இல்லை என்பதால் மனம் வெற்றுப்பலகையாக இருந்தது என்று கருதிவிடலாகாது. தம் தாயின் இறுதி நாள்களில் பெற்ற அனுபவம் ஸ்ட்ராஸ் மனத்தில் இருந்தது. எந்தப் பிரிவை முதலில் காண்பது என்ற தேர்விலும் முன்னெண்ணம் கலந்தே இருந்தது. தரவு மறுக்கும்போது அவ்வெண்ணத்தைக் கைவிட ஆயத்தமாயிருந்தாரா என்பதே கேள்வி.

இவ்விடத்தில்தான் பின்னாளில் இருவரும் கருத்து வேறுபட்டனர். ஸ்ட்ராஸ், ஜூலியட் கார்பினுடன் 1990இல் எழுதிய நூலில், நிபந்தனை, செயல், விளைவு என வகுத்த வினாக்களைத் தரவிடம் கேட்கச் சொன்னார். அது தரவை வற்புறுத்துவதாகும் என்று 1992இல் கிளேசர் கடுமையாக மறுத்தெழுதினார். தொடக்கநிலை மாணவருக்கு ஸ்ட்ராஸ் வழி கைப்பிடி தருகிறது என்பது என் எண்ணம். ஆனால் அவ்வினாக்களுக்குள் அடங்காத குறிப்புகள் கைநழுவிப் போவதையும் கண்டிருக்கிறேன். இரண்டனுள் எதனைப் பின்பற்றினோம் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே மாணவர் தெரிவித்துவிடுதல் வேண்டும்.