ஓவியர் வரைந்ததா, ஏஐ உருவாக்கியதா? படத்தை மட்டும் பார்த்தால் போதாது

சுவா சூ காங்கில் உங்கள் வட்டாரப் பொங்கல் விழாவுக்குச் சுவரொட்டி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீலான்ஸ் ஓவியர் ஒருவர் தம் படைப்புகளை அனுப்புகிறார். பட்டுச்சேலைப் பெண், வாசலில் சிக்குக் கோலம், பின்னால் தேக்கா கடைகள். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் அவரே வரைந்ததா?

"பார்த்தாலே ஏஐனு தெரியுது" என்று முடிவுகட்டுவது ஆபத்து. 2022 டிசம்பரில் வியட்நாம் ஓவியர் பென் மோரனின் ஓவியம், ஏஐ படம்போல இருப்பதாகச் சொல்லி ரெடிட் தளத்தின் கலைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. அவருக்கும் தடை. வரைந்த கோப்பைக் காட்டத் தயார் என்று அவர் சொல்லியும் எடுபடவில்லை.

நேர்மாறாகவும் நடக்கும். 2024 ஜனவரியில் 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் ரசிகர்கள் சந்தேகம் எழுப்பினர். அழுத்தமானியின் முகப்பில் இருந்த குறிகளுக்கு அர்த்தமே இல்லை. மனிதர்தான் உருவாக்கினார் என்று முதலில் மறுத்த நிறுவனம், சில நாளில் ஏஐ கூறுகள் கலந்திருந்ததை ஒப்புக்கொண்டது. படம் வெளியாள் ஒருவரிடமிருந்து வந்தது. கோப்பை முன்பே திறந்து பார்த்திருந்தால் அந்தத் தர்மசங்கடம் வந்திருக்காது.

அப்போ கோப்பில் எதைப் பார்க்கணும்? கணினியில் வரைபவர்கள் பொதுவாக அடுக்கு அடுக்காக, அதாவது லேயர்களில், வேலை செய்வார்கள். கீழே கிறுக்கலான முதல் வரைவு, அதன்மேல் சுத்தமான கோடு, பிறகு வண்ணம், நிழல். ஒவ்வொரு லேயரையும் மறைத்து, திரும்பக் காட்டச் சொல்லுங்கள். வரைவில் கை ஓரிடத்திலும் இறுதிப் படத்தில் சற்றுத் தள்ளியும் இருந்தால் நல்ல அறிகுறி; வரையும்போது மனம் மாறியிருக்கிறது. முழுப் படமும் ஒரே லேயரில் இருந்து, அதன்மேல் நாலைந்து திருத்தங்கள் மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

புரோகிரியேட் செயலி வழக்கமாக, வரைய வரைய ஒரு காணொளியையும் பதிவுசெய்யும். எத்தனை கோடுகள் போடப்பட்டன, எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கும் அதில் இருக்கும். அந்தப் பதிவை அணைத்தும் வைக்கலாம் என்பதால், காணொளி இல்லை என்பதே குற்றமாகிவிடாது.

ஒன்று கவனியுங்கள்: லேயர் கோப்பையே கொடுங்கள் என்றால் பல ஓவியர்கள் தயங்குவார்கள். நியாயம்தான், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவோர் உண்டு. காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்து காட்டினால் போதும்.

அடுத்து, படத்தைப் பெரிதாக்கிக் கோடுகளைப் பின்தொடருங்கள். பெண்ணின் கூந்தல் கோடு ஒன்று தோளில் இறங்கி, அப்படியே சேலையின் ஜரிகையாக மாறுகிறதா? கழுத்துச் சங்கிலி முடிக்குள் போய் மறுபக்கம் வராமலே போகிறதா? இரு காது ஜிமிக்கிகளும் வேறு வேறா? வரைபவருக்கு எது முடி, எது துணி என்று தெரியும். கை சோர்ந்தாலும் கோடு அந்தப் பொருளை விட்டுப் போகாது. ஆனால் கோடு வழவழவென்று இருப்பதை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி வரையும் செயலிகளிலேயே இருக்கிறது.

நம் படத்தில் கோலம்தான் நல்ல சாட்சி. 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்த சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேரணும். விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். ஏஐ படங்களில் புள்ளி எண்ணிக்கை பிசகும், கோடு நடுவழியில் அந்தரத்தில் நிற்கும். கடைப் பலகையையும் வாசியுங்கள். தூரத்தில் தமிழ்போலத் தெரியும். கிட்டே போனால் எந்த எழுத்தும் இல்லாமல் போகலாம். விரல்களை எண்ணும் பழைய சோதனையை இப்போது அவ்வளவாக நம்ப முடியாது. புதிய கருவிகள் விரல்களைப் பெரும்பாலும் சரியாகவே போடுகின்றன, மனிதர்கள்தான் சொதப்புகிறார்கள்!

இவை எல்லாம் சேர்ந்தும் உறுதி தராத நேரம் உண்டு. ஏஐ படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கையால் வரைந்தால், கோப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கும். முடிந்த படத்தைக் கொடுத்தால் வரையும் காணொளியைப் போலியாக உருவாக்கித் தரும் 'பெயிண்ட்ஸ்-அண்டூ' என்ற கருவியும் 2024இல் வந்துவிட்டது.

எனக்கு இதைவிட நம்பகமாகத் தெரிவது, கட்டணம் கொடுத்துக் கேட்கும் ஒரு சின்னத் திருத்தம். "பெண்ணின் தலையை இடப்பக்கம் திருப்புங்கள், கோலம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். வரைந்தவர் முதலில் ஒரு கிறுக்கல் அனுப்புவார், தலை மட்டும் மாறும். திரும்பி வரும் படத்தில் நீங்கள் கேட்காமலே சேலைக் கரையும் கோலத்தின் புள்ளிகளும் மாறியிருந்தால், லேயர்களைக் காட்டச் சொல்லி அப்போதே அழைத்துப் பேசுங்கள்.