திரும்பிவரும் மின்னஞ்சல்களைக் கையாளுதல்

மடற்குழுவின் உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்யும்போது, கொண்டுசேர்க்க முடியாமல் போன அஞ்சல்களைப் பற்றிய அறிவிப்புகள் பட்டியலின் பொறுப்பாளருக்கு வந்து சேர்கின்றன. பேச்சுவழக்கில் இவற்றைப் 'பவுன்ஸ்' என்கிறோம். எந்த முகவரியை நீக்குவது, எதைக் காத்திருந்து பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்பதை இந்த அறிவிப்புகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திரும்பிவந்த முகவரி எல்லாம் செத்த முகவரி என்று கொள்வதே இந்த வேலையில் நேரும் பெரிய பிழை.

அறிவிப்பு, அஞ்சலில் 'அனுப்புநர்' என்று வாசகர் காணும் முகவரிக்குப் போவதில்லை. சர்வர்கள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றும்போது திரும்பு முகவரி ஒன்றைத் தனியாகச் சொல்லிக்கொள்கின்றன. அறிவிப்பு அங்கேதான் போகும். குழு மென்பொருள்கள் அந்த இடத்தில் தம் சொந்த முகவரியை வைத்துக்கொள்வதால், எழுதிய உறுப்பினருக்குத் தொல்லை இல்லை. அறிவிப்புக்கென்று திரும்பு முகவரி கிடையாது. அந்த இடம் `<>` என்று வெறுமையாக இருக்கும். அறிவிப்பே போய்ச் சேராவிட்டால் அதற்கும் ஓர் அறிவிப்பு, அதற்கும் ஒன்று என்று சுழலாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஒழுங்காக எழுதப்பட்ட அறிவிப்பில் மனிதர் படிக்க ஒரு பகுதியும் நிரல் படிக்க ஒரு பகுதியும் இருக்கும். இந்த வடிவம் 1996இல் தரப்படுத்தப்பட்டு 2003இல் திருத்தப்பட்டது. நிரலுக்கான பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
Final-Recipient: rfc822; kumar@mail.example.net
Action: failed
Status: 5.1.1
Diagnostic-Code: smtp; 550 5.1.1 User unknown
```

`Status` எண்ணின் முதல் இலக்கம் 5 என்றால் நிரந்தரத் தோல்வி, 4 என்றால் தற்காலிகத் தோல்வி. 5.1.1 என்பது அப்படி ஒரு அஞ்சல்பெட்டியே இல்லை என்ற செய்தி. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7.1 வந்தால், பெட்டி இருக்கலாம், ஆனால் அதன் சர்வர் இந்த அஞ்சலை ஏற்க மறுத்தது என்று பொருள். மூன்றுமே 5இல் தொடங்கினாலும் முதலாவது மட்டுமே முகவரி இல்லை என்று நேராகச் சொல்கிறது.

`Action` வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே `delayed` என்றிருந்தால் அஞ்சல் இன்னும் வரிசையில் நிற்கிறது. அது வெறும் தகவல், தோல்விக் கணக்கில் சேராது. மாறாக `failed` என்றும் எண் 4.4.1 என்றும் வருவதுண்டு. எதிர்முனைச் சர்வர் பதிலே தரவில்லை, அனுப்பிய சர்வர் பல நாள் முயன்று கைவிட்டது என்பது இதன் பொருள். அப்படி 4 முதல் 5 நாளாவது முயல வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் அஞ்சல் நெறிமுறை சொல்கிறது. ஆகவே அனுப்பிய மறுநாளே பட்டியலில் கைவைக்கக் கூடாது. ஒரு வாரம் பொறுத்தால்தான் எல்லா முடிவும் வந்து சேரும்.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் தேடினால் `kumar@mail.example.net` என்று யாருமே இல்லாமல் போகலாம். உறுப்பினர் பழைய கல்லூரி முகவரியில் சேர்ந்திருப்பார். அங்கு வரும் அஞ்சல் வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். அந்த இரண்டாவது பெட்டிதான் இப்போது மூடிக்கிடக்கும். இதற்கு 1997இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு வழி வகுத்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் போகும் படியில் திரும்பு முகவரிக்குள்ளேயே அவருடைய முகவரியைப் பொதித்துவிடுவதே அது:

```
kuzhu-bounces+kumar=example.org@lists.example.com
```

அறிவிப்பின் உள்ளே என்ன எழுதியிருந்தாலும், அது வந்து விழுந்த முகவரியே ஆள் `kumar@example.org` என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிப்படி அனுப்ப வேண்டியிருப்பதால் சர்வருக்குச் சுமை கூடும். ஆயினும் சுத்தம் செய்யும் காலத்திலாவது இதை இயக்கி வைப்பதே சரி. இல்லையேல் பாதி அறிவிப்புகள் ஆள் தெரியாமல் குவியும்.

பரவலாகப் பயன்பட்ட மெயில்மேன் 2.1 மென்பொருள், முகவரிகளைப் புள்ளி போட்டு எடைபோடுகிறது. அதன் இயல்பு அமைப்பில், ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் எத்தனை அஞ்சல் திரும்பினாலும் ஒன்றே கணக்கில் சேரும். புள்ளி 5 ஆனதும் அவருக்கு அஞ்சல் போவது நிறுத்தப்படும். பிறகு வாரம் ஒன்றாக 3 எச்சரிக்கைகள் போகும். பதில் இல்லையென்றால் பெயர் நீக்கப்படும். 7 நாளைத் தாண்டிப் புதிய தோல்வி எதுவும் வராவிட்டால் பழைய புள்ளி செல்லாது.

இந்தக் கடைசி விதியில் ஓர் ஓட்டை உண்டு. மாதம் ஒருமுறை மட்டும் அஞ்சல் போகும் குழுவில் ஒவ்வொரு தோல்வியும் முதல் தோல்வியாகவே பதிவாகும். புள்ளி 1க்கு மேல் ஏறவே ஏறாது; இல்லாத முகவரிகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அத்தகைய குழுவில் செல்லாக் காலத்தை 7 நாளிலிருந்து பல மாதங்களுக்கு நீட்டி, வரம்பை 2 அல்லது 3 ஆகக் குறைக்க வேண்டும்.

எதிர்த் திசையில் நேர்ந்த விபத்து 2014 ஏப்ரலில் நடந்தது. யாஹூ நிறுவனம், தன் சர்வர்களுக்கு வெளியிலிருந்து யாஹூ முகவரியின் பெயரில் வரும் அஞ்சல் சரிபார்ப்பில் தேறாவிட்டால் அதை நிராகரிக்கும்படி டிமார்க் என்னும் விதியின் வழியே மற்ற நிறுவனங்களுக்கு அறிவித்தது. ஏஓஎல் அதே மாதம் பின்தொடர்ந்தது. போலி அஞ்சல்களைத் தடுப்பதே நோக்கம். ஆனால் மடற்குழு தன் உறுப்பினரின் பெயரில், தன் சர்வரிலிருந்து, பெரும்பாலும் தலைப்பிலோ அடியிலோ ஏதாவது சேர்த்து அனுப்புகிறது. அந்தச் சரிபார்ப்பில் அது தேறாது.

விளைவை மேற்சொன்ன புள்ளிக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு குழுவில் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு யாஹூ உறுப்பினர் எழுதுகிறார் என்று கொள்வோம். அன்றைய ஜிமெயில் ஒவ்வொரு அஞ்சலையும் 550 5.7.1 என்று திருப்பிவிடும். வெள்ளிக்கிழமை எல்லா ஜிமெயில் உறுப்பினர்களுக்கும் புள்ளி 5. அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை, அவர்களுடைய பெட்டிகளும் நன்றாகவே இயங்குகின்றன. ஆனாலும் அனைவருக்கும் அஞ்சல் நின்றுவிடும். தானியங்கிச் சுத்தம் உயிருள்ள பட்டியலையே வெட்டிய சம்பவம் இது.

இதைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் தெளிவானவை. ஒரே நாளில் ஒரே டொமைனைச் சேர்ந்த பலர் ஒருசேரத் தோற்றிருப்பார்கள். அதே நாளில் வேறொருவர் எழுதிய அஞ்சல் அவர்களுக்கே சேர்ந்திருக்கும். `Diagnostic-Code` வரியில் `DMARC policy` என்ற சொற்கள் இருக்கும். இம்மூன்றையும் கண்டால் நீக்கும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். அந்த ஆண்டே வெளிவந்த மெயில்மேன் 2.1.18இல் `dmarc_moderation_action` என்ற அமைப்பு சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு இத்தகைய அஞ்சல்களின் அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போடலாம். அதன்பின் உறுப்பினர் பக்கத்தில் `[B]` என்று குறிக்கப்பட்டவர்களில், அந்த டொமைனைச் சேர்ந்தோருக்கு அஞ்சலைத் திரும்ப இயக்க வேண்டும். `[U]` குறி உள்ளவர்கள் தாமே நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களைத் தொடக் கூடாது.

5.1.1 என்று மீண்டும் மீண்டும் சொல்லும் முகவரியை வைத்திருப்பதும் ஆபத்தே. 2013இல் யாஹூ நெடுநாள் பயன்படாத பயனர்பெயர்களை விடுவித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. சில சேவைகள் கைவிடப்பட்ட முகவரிகளைச் சில காலம் திருப்பியனுப்பிவிட்டு, பின்னர் குப்பை அஞ்சல் அனுப்புவோரைப் பிடிக்கும் பொறிகளாகத் திறக்கின்றன. இரண்டு நிலையிலும் அஞ்சல் திரும்பிவருவது திடீரென்று நின்றுவிடும். பட்டியலைப் பார்ப்பவருக்கு அந்த முகவரி குணமடைந்ததுபோல் தெரியும். பல மாதம் 5.1.1 தந்த முகவரி ஒருநாள் அமைதியாக அஞ்சலை ஏற்றுக்கொண்டால், உரியவரே மீண்டும் பதிவுசெய்யும் வரை அதற்கு அனுப்பக் கூடாது.