நேரப் பதிவுத்தாள்: ஒரு வாரத்தைப் பல செயற்றிட்டங்களுக்குப் பிரித்தல்

டைம்ஷீட் எனப்படும் நேரப் பதிவுத்தாள், ஓர் ஊழியர் வேலை செய்த நேரம் எந்தச் செயற்றிட்டத்தின் பணத்திலிருந்து ஈடுசெய்யப்பட வேண்டும் என்பதைக் காட்டும் ஆவணம். பதுளையிலிருந்து ஊவாவின் தோட்டங்களுக்குச் சென்று பணியாற்றும் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவருக்கே இரண்டு, மூன்று கொடையாளர்கள் சம்பளம் பகிர்வதுண்டு. அவரது நேரம் இருமுறை எண்ணப்படாதிருக்கும் வழி தோட்டத்துச் செக்ரோலிலேயே இருக்கிறது. அங்கே தொழிலாளிக்கு ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒரு ‘பேர்’. காலையில் கொழுந்தும் பிற்பகலில் புல் வெட்டும் செய்தால், அந்த ஒரு பேரின் செலவை இரண்டு வேலைகளுக்கும் பிரிக்கலாமே தவிர, இரண்டு பேர் போட முடியாது. கணக்கு ஆளிலிருந்து தொடங்கி வேலைக்குப் போகிறது. நேரப் பதிவில் வரும் பிழைகளில் பல இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால், அதாவது செயற்றிட்டத்துக்கு ஒரு தாள் வைப்பதால் வருகின்றன.

உதாரணமாக ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போய்வர 2 மணித்தியாலம். பிள்ளைக் காம்பராவில் போசாக்குத் திட்ட வேலை 3 மணித்தியாலம், லயத்துத் தண்ணீர்த் திட்டத்துக்கு 2, திரும்பி வந்து சேமிப்புக் குழு அறிக்கைக்கு 1. மொத்தம் 8. தனித்தனித் தாள் என்றால், போசாக்குத் தாளில் பயணத்தோடு 5, தண்ணீர்த் தாளில் பயணத்தோடு 4, சேமிப்பில் 1 என்று 10 ஆகிவிடும். எந்தத் தாளைத் தனியே பார்த்தாலும் அதில் குறை தெரியாது. அந்தந்தக் கொடையாளரின் கணக்காய்வாளருக்கும் தெரியாது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, வரவுப் பதிவேட்டின் 8 உடன் ஒப்பிடும்போதுதான் மிகையான 2 வெளிப்படும்.

‘அந்தப் பயணம் இரண்டு திட்டங்களுக்கும் உண்மையிலேயே தேவைப்பட்டதே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு திட்டம் இல்லாதிருந்தாலும் மற்றதற்காகப் பயணம் நடந்தே இருக்கும். ஆனால் பதிவுத்தாள் கேட்பது பயனை அல்ல, செலவை. சம்பளம் கொடுக்கப்பட்டது 2 மணித்தியாலத்துக்கு மட்டுமே. ஆகவே அதைத் தோட்டத்தில் செலவான நேரத்தின் விகிதத்தில், 3:2 என்று பிரித்தால் போசாக்குக்கு 1 மணி 12 நிமிடம், தண்ணீருக்கு 48 நிமிடம். நாள் முழுதும் 4 மணி 12 நிமிடம், 2 மணி 48 நிமிடம், 1 மணி என்று மீண்டும் 8 ஆகிறது. வேறு விகிதமும் பொருந்தலாம். ஆனால் அதை முன்கூட்டியே எழுதிவைத்து எல்லா வாரங்களுக்கும் ஒரேபோல் பின்பற்ற வேண்டும்.

விடுமுறையும் இப்படியே. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். புதன்கிழமை போயா என்றால் வேலை நேரம் 37. அது 18.5, 11.1, 7.4 என மூன்று திட்டங்களுக்கும் பிரிந்திருந்தால், சம்பளத்துடன் கூடிய போயாவின் 8 மணித்தியாலமும் அதே விகிதத்தில் 4, 2.4, 1.6 ஆகும். முடிவில் 22.5, 13.5, 9, கூட்டினால் 45. பிரிவினை தசமத்தில் முடியாத இடத்தில் கடைசித் திட்டத்துக்கு மிச்சத்தைக் கொடுப்பது நல்லது. 8ஐ மூன்றாக்கி 2.67 என்று மூன்று முறை எழுதினால் 8.01 வரும்.

நேரம் சரியாக இருந்தும் பணம் இரட்டிக்கும் இடமொன்று உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாத நிறைவேற்றுத் தரத்தவர் ஒருவரின் வாரச் சம்பளம் 18,000 ரூபாய் என வைப்போம். 45ஆல் வகுத்தால் மணிக்கு 400. அவர் 50 மணித்தியாலம் உழைத்து, அத்தனைக்கும் 400 வீதம் அறவிட்டால் 20,000 ஆகிறது. கொடுக்காத 2,000 ரூபாய் திட்டங்களின் தலையில் விழுகிறது. உழைத்த 50ஆல் வகுத்து 360 என்று கொள்வதே முறை.

இவ்வளவு சிரமப்படாமல், வரவுசெலவுத் திட்டத்தில் உள்ள 50, 30, 20 சதவீதத்தையே வாராவாரம் எழுதிவிடலாமே என்பது அடுத்த வாதம். அப்படி எழுதினால் இருமுறை எண்ணல் வராது என்பது உண்மை. ஆனால் அது நடந்த வேலையின் பதிவல்ல, நடக்கும் என்று எண்ணியதன் நகல். அமெரிக்க அரசின் மானிய விதிகள், அத்தகைய மதிப்பீட்டை மட்டும் சம்பளச் செலவுக்குச் சான்றாக ஏற்பதில்லை. இடைக்காலத்துக்குப் பயன்படுத்தினாலும் பின்னர் உண்மை நேரத்துக்கேற்பத் திருத்தச் சொல்கின்றன. அவ்விதிகள் ஊழியரின் மொத்தப் பணியையும் ஒரே பதிவில் கேட்கின்றன, கூட்டு 100 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. செக்ரோலின் ஒரு பேர் என்பதும் இதுதான். கூட்டுத்தொகை பொருந்துவதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: தண்ணீருக்கு உழைத்த 2 மணித்தியாலத்தைப் போசாக்கில் எழுதினாலும் 8, 8ஆகவே இருக்கும். அதைப் பிடிக்க வாகன ஓட்டப் பதிவேட்டையும் பிள்ளைக் காம்பராவின் வருகைப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.