சேமித்த அரட்டைப் பதிவுகளின் மறையாக்கம்

நிறுவனத்தின் சர்வரில் தங்கும் உரையாடல்களைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி வைப்பதும், அந்தச் சாவியை எந்த ஊழியர் பயன்படுத்தலாம் என வரையறுப்பதும் இந்த மறையாக்கத்தில் அடங்கும். வட்டு முழுவதையும் மறையாக்குவது திருடுபோன வட்டுக்கு மட்டுமே காப்பு. சர்வர் இயங்கும்போது, தரவுத்தள அனுமதி உள்ளவருக்குச் செய்திகள் அப்படியே தெரியும்.

ஆகவே இரண்டு அடுக்குச் சாவி வேண்டும். ஒவ்வொரு உரையாடலும் தனிச் சாவியால், பெரும்பாலும் ஏஇஎஸ்-256 முறையில், பூட்டப்படும். அந்தச் சாவியைத் தலைமைச் சாவி பூட்டும். தலைமைச் சாவி தனிச் சேவையில் இருக்கும், வெளியே வராது. புகாரை விசாரிக்கும் ஊழியர் புகார் எண்ணைக் கொடுத்து, இன்னொருவரின் ஒப்புதலும் பெற்றால், அந்த ஒரு உரையாடலின் சாவி மட்டும் சிறிது நேரத்துக்குத் திறக்கப்படும். யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்பது அவரால் அழிக்க முடியாத பதிவேட்டில் ஏறும். தரவுத்தள நிர்வாகிக்குத் தலைமைச் சாவியைப் பயன்படுத்தும் உரிமை கூடாது. இந்தப் பிரிவினை இல்லையென்றால் மற்றவை வெறும் சடங்கு.

2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றி, உள் கருவிகளுக்குள் நுழைந்தவர்கள் 130 கணக்குகளைக் குறிவைத்தனர். அவற்றில் 36 வரையிலான கணக்குகளின் தனிச்செய்திப் பெட்டிகளைப் பார்த்ததாக நிறுவனமே அறிவித்தது. ஊழியரின் அனுமதியே திருடப்பட்டால் மறையாக்கம் தடுக்காது. அனுமதி எவ்வளவு குறுகியதோ, இழப்பும் அவ்வளவுதான்.

கசிவு பெரும்பாலும் ஓரங்களில் நிகழும்: தேடல் அட்டவணை, பிழைப் பதிவுகள், பகுப்பாய்வுக்கு எடுத்த நகல்கள். சோதனைச் செய்தியில் அரிய சொல் ஒன்றை அனுப்பி, இவ்விடங்களில் அதைத் தேடினால் ஓட்டை தெரிந்துவிடும்.